பேட்டரி குறைந்ததே 31 சதவீதம்தான், பட்டியலில் ஒன்று மட்டும் 38 சதவீதம் காட்டுகிறது. இது என்ன கணக்கு?

பெருந்துறை வண்டிக்காரன் | ஞாயிறு, காலை 6:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. சின்ன லாரி ஓட்டுகிறேன், போன் இல்லாமல் பொழப்பு ஓடாது. போன் ஆண்ட்ராய்டு 14, பேட்டரி 5000 mAh, வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. பத்து நாளாக இரவில் சும்மா கிடக்கும்போதே சார்ஜ் ஒழுகுகிறது. சரி, ஒரு நாள் ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று நேற்று இரவு 10 மணிக்கு 100 ஆனதும் சார்ஜரைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுத்தேன், கை வைக்கவே இல்லை. காலை 6 மணிக்கு எடுத்தால் 69.

செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாடு என்று வரும் இடத்தைத் திறந்தேன். அங்கே இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

கூகுள் பிளே சர்வீசஸ் 38%
மொபைல் நெட்வொர்க் 19%
வாட்ஸ்அப் 9%, பின்னணியில் 41 நிமிடம்
லோடு ஆப் 6%, பின்னணியில் 7 மணி 42 நிமிடம்
மீதி மூன்று, இரண்டு, ஒன்று என்று சில்லறையாக நீளுகிறது.

குறைந்ததே 31 தான். அதில் ஒன்று மட்டும் எப்படி 38 சாப்பிடும்? போன் பொய் சொல்கிறதா, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா?

---

காங்கேயம் காளை | ஞாயிறு, காலை 7:15

அண்ணா, இதற்கெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீங்க. முதலிடத்தில் இருப்பவன்தான் திருடன். பிளே சர்வீசஸை டிசேபிள் பண்ணிவிடுங்க. இரவு படுக்கும் முன் ரீசன்டில் இருக்கும் எல்லா ஆப்பையும் தள்ளிவிட்டு பேட்டரி சேவரைப் போட்டுப் படுங்க. நான் மூன்று வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், காலையில் நாலைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்ததே இல்லை.

---

பல்லடம் குமார் | ஞாயிறு, காலை 7:32

100 வரை ஏற்றியதுதான் தப்பு. 80இல் பிடுங்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அதனால் இருக்குமோ? என் போனிலும் 80க்கு மேல் ஏறாமல் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போடலாமா வேண்டாமா என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

---

சரவணம்பட்டி நிலா | ஞாயிறு, காலை 9:05

வண்டிக்கார அண்ணா, முதலில் பிளே சர்வீசஸைத் தொட வேண்டாம். அதை நிறுத்தினால் வாட்ஸ்அப் செய்தி நேரத்துக்கு வராது, பணம் அனுப்பும் ஆப் திறக்காது, மேப் தடுமாறும். நான் ஆப் எழுதிப் பிழைப்பவள், இந்தப் பட்டியலோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

38 என்பது உங்கள் பேட்டரியில் 38 அல்ல. செலவான பங்கில் 38. செலவானது 31, அதில் நூற்றுக்கு முப்பத்தெட்டு என்றால் பேட்டரியில் கிட்டத்தட்ட 12 சதவீதம். மொபைல் நெட்வொர்க் அதே கணக்கில் 6, வாட்ஸ்அப் 3, லோடு ஆப் 2க்கும் கீழே. எல்லாப் போனிலும் இப்படி இருக்காது. பழைய ஆண்ட்ராய்டில் மொத்த பேட்டரியில் எவ்வளவு என்றுதான் போடுவார்கள், இப்போதும் சில கம்பெனிக்காரர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் போடுகிறார்கள். உங்கள் போனில் எது என்று தெரிந்துகொள்ளப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பாருங்கள். 100க்குப் பக்கத்தில் வந்தால் செலவில் பங்கு, 31க்குப் பக்கத்தில் வந்தால் பேட்டரியில் பங்கு. ஒரே ஆளுக்கு 38 என்று வந்துவிட்டதால் உங்களுடையது முதல் வகை என்று கூட்டாமலேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. அந்த எண்களை யாரும் மீட்டர் வைத்து அளக்கவில்லை. பெரும்பாலான போன்களில், இந்தப் பாகம் ஓடினால் இவ்வளவு மின்சாரம் என்று போன் செய்தவர்கள் ஒரு அட்டவணை எழுதி உள்ளே வைத்திருப்பார்கள். எந்த ஆப் எதை எவ்வளவு நேரம் ஓட்டியது என்று ஆண்ட்ராய்டு குறித்துக்கொண்டு பெருக்கிப் போடுகிறது. மதிப்பீடுதான். ஆகவே 9க்கும் 6க்கும் நடுவில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

நான் பார்ப்பது நேரத்தை. உங்கள் பட்டியலில் என் கண் பட்ட இடம் 38 அல்ல, கீழே பாவம்போல் உட்கார்ந்திருக்கும் அந்த 7 மணி 42 நிமிடம். நீங்கள் தூங்கியது எட்டு மணி நேரம், லோடு ஆப் அதில் பதினெட்டு நிமிடம்தான் தூங்கியிருக்கிறது.

---

காங்கேயம் காளை | ஞாயிறு, காலை 9:30

அம்மணி, ரெண்டு சதவீதம் தின்றவனைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு தின்றவனை விட்டுவிடச் சொல்கிறீர்களே!

---

சரவணம்பட்டி நிலா | ஞாயிறு, காலை 10:10

இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்கிறேன். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்புக்கு நீங்கள் நிற்கும் இடம் வேண்டுமென்றால், அது பெரும்பாலும் நேராக ஜிபிஎஸ்ஸிடம் போகாது, பிளே சர்வீசஸிடம் கேட்கும். ஜிபிஎஸ், டவர், வைஃபை எல்லாவற்றையும் கலந்து இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அதுதான். கேட்டவர் கணக்கில் எழுதத்தான் ஆண்ட்ராய்டு பார்க்கும், ஆனால் முழுசாக எழுத முடிவதில்லை, ஒரு பகுதி வேலை செய்தவர் தலையிலேயே விழும். கல்யாணத்துக்குச் சொன்னது ஒருத்தர், மளிகைக்கடை பாக்கிப் புத்தகத்தில் பேர் சமையல்காரருடையது, அந்த மாதிரி.

அண்ணா, மூன்று விஷயம் சொல்லுங்கள். லோடு ஆப்புக்கு லொகேஷன் அனுமதி எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள்? டிரிப் ஏதாவது முடியாமல் நிற்கிறதா? "டிரிப் நடக்கிறது" என்கிற மாதிரி ஒரு நோட்டிபிகேஷன் மேலே இருக்கிறதா?

---

அந்தியூர் செல்வி | ஞாயிறு, காலை 11:20

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் அப்பா போனிலும் இதே கதை, ஆனால் ஆப் எதுவும் பெரிதாக இல்லை. தோட்டத்துச் சாளையில் இருக்கிறார், பர்கூர் மலைக்கு அடிவாரம். பட்டியலில் மொபைல் நெட்வொர்க் மட்டும் 61%. மற்றதெல்லாம் ஒன்று, இரண்டு. காளை அண்ணன் சொன்ன மாதிரி ஆப்பை எல்லாம் தள்ளிவிட்டும் பார்த்தோம், பத்துப் பன்னிரண்டு ஆப்பை அழித்தும் பார்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை. பேட்டரியே மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?

---

பெருந்துறை வண்டிக்காரன் | ஞாயிறு, மதியம் 1:45

நிலாம்மா, கூட்டிப் பார்த்தேன், 97 வருகிறது. நீங்கள் சொன்னது சரிதான்.

லொகேஷன் அனுமதி "Allow all the time" என்று இருக்கிறது. ஆப்பைப் போட்டபோது ஆபீஸ்காரர்களே அதை அமுக்கிக் கொடுத்தார்கள். டிரிப் விஷயம் கேட்டீர்களே, அங்கேதான் வில்லங்கம். பத்து நாளைக்கு முன் சேலத்தில் ஒரு லோடு இறக்கினேன். குடோனில் சீல் வைக்கிற ஆள் இல்லை, சரக்கு இறக்கியதற்கு அத்தாட்சியான பிஓடி சீட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி வந்துவிட்டேன். சீல் இல்லாத பிஓடி போட்டோவை ஆப் ஏற்காது, பிஓடி ஏறாமல் டிரிப் முடியாது. அப்புறம் ரெண்டு லோடு போய்விட்டு வந்துவிட்டேன், அது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டுகிறது. நோட்டிபிகேஷன் தொல்லையாக இருந்தது, ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டால் நின்றிருக்க வேண்டாமா?

---

சரவணம்பட்டி நிலா | ஞாயிறு, மாலை 5:00

நிற்காது அண்ணா. ஆண்ட்ராய்டு 13இலிருந்து அந்த நோட்டிபிகேஷனைத் தள்ளிவிட முடியும், ஆனால் தள்ளுவது அறிவிப்பை மட்டும்தான், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். திரையை மேலிருந்து இரண்டு முறை இழுத்தால் அடியில் சின்ன எழுத்தில் இத்தனை ஆப் இயங்குகிறது என்று பல போன்களில் வரும். தொட்டுப் பாருங்கள், லோடு ஆப் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்து யாரையும் தூக்கில் போட வேண்டாம். இன்றிரவு அந்த ஆப்பை ஒன்றும் செய்யாதீர்கள், போனின் லொகேஷனை மொத்தமாக அணைத்துவிட்டு அதே 10 மணிக்கு 100இல் பிடுங்கி, அதே அலமாரியில், அதே இடத்தில் வையுங்கள். மாற்றுவது ஒன்றே ஒன்றுதான். காளை அண்ணன் சொல்கிற பேட்டரி சேவரும் வேண்டாம். அது நல்லதுதான், ஆனால் பல போன்களில் திரை அணைந்திருக்கும்போது லொகேஷனையும் அதுவே நிறுத்திவிடும், அப்புறம் எதனால் குறைந்தது என்று தெரியாது. (காளை அண்ணாவுக்கு மூன்று வருஷமாக நாலைந்து சதவீதம் என்றால் அதன் புண்ணியம் ரீசன்டில் தள்ளுவதால் அல்ல, இதனால் இருக்கும் என்று நினைக்கிறேன்.)

காலையில் சார்ஜில் போடும் முன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். கடைசியாக முழு சார்ஜ் ஆனதிலிருந்து கணக்கு வைக்கும் போனில் மறுபடியும் 100 ஏறிவிட்டால் பழையது அழிந்துவிடும்.

செல்வி அக்கா, பேட்டரி மாற்றுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பேட்டரி கிழடாகிவிட்டதா என்பதை இந்தப் பட்டியல் சொல்லவே சொல்லாது, அது வேறு சமாச்சாரம். ஆனால் மொபைல் நெட்வொர்க் 61 என்பது சிக்னல் கதை. டவர் தூரமாக இருந்தால் போன் சத்தம் போட்டுப் பேச வேண்டும், சிக்னல் விட்டுவிட்டுப் போனால் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பை அழித்து அதைக் குறைக்க முடியாது. அப்பா போனில் இரண்டு சிம்மா?

---

அந்தியூர் செல்வி | ஞாயிறு, இரவு 8:10

இரண்டு சிம்தான். ஒன்று அவர் பேசுவது. இன்னொன்று ரீசார்ஜ் பண்ணி ஏழெட்டு மாதம் ஆகிறது, எடுக்காமல் அப்படியே கிடக்கிறது. இரவில் ஏரோப்ளேன் மோடு போடச் சொல்லலாம் என்றால் முடியாது. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார், த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அது போன் அடிக்கும், அந்த நேரம் எடுக்காவிட்டால் மஞ்சளுக்குத் தண்ணீர் இல்லை.

---

சரவணம்பட்டி நிலா | ஞாயிறு, இரவு 8:25

அந்தச் செத்த சிம்மை முதலில் கழற்றுங்கள், அல்லது செட்டிங்ஸில் அந்த சிம்மை மட்டும் அணையுங்கள். சேவை இல்லாத சிம் போனை வீணாகத் தேடவைக்கும். அப்புறம் இரவில் போனை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். சாளைக்குள் இரும்புப் பெட்டி மேல் வைப்பதும் திண்ணை ஜன்னலில் வைப்பதும் ஒன்றல்ல.

---

பெருந்துறை வண்டிக்காரன் | திங்கள், காலை 6:20

100இலிருந்து 88. பன்னிரண்டுதான் குறைந்திருக்கிறது! பிளே சர்வீசஸ் நாலாவது இடத்துக்குப் போய்விட்டது. இன்றிரவு லொகேஷனைப் போட்டுவிட்டு, லோடு ஆப்புக்கு மட்டும் "Allow only while using the app" என்று மாற்றி வைக்கிறேன். அதோடு தீர்ந்தது.

---

பெருந்துறை வண்டிக்காரன் | செவ்வாய், காலை 6:35

தீரவில்லைங்க. அனுமதியை மாற்றியும் காலையில் 72. இருபத்தெட்டு போயிருக்கிறது. அப்படியானால் லோடு ஆப் இல்லையா? எனக்கு வெசனமாகிவிட்டது.

---

காங்கேயம் காளை | செவ்வாய், காலை 7:00

நான் அன்றைக்கே சொன்னேன், பிளே சர்வீசஸ்.

---

சரவணம்பட்டி நிலா | செவ்வாய், காலை 8:45

அண்ணா, அனுமதியை மாற்றிய பிறகு படுக்கும் முன் லோடு ஆப்பைத் திறந்தீர்களா?

---

பெருந்துறை வண்டிக்காரன் | செவ்வாய், காலை 9:02

ஆமாங்க. ஒன்பதரைக்கு, நாளைக்கு ஏதாவது லோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

---

சரவணம்பட்டி நிலா | செவ்வாய், காலை 9:40

அதுதான் சூட்சுமம். "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்றால் திரையில் தெரியும்போது மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆண்ட்ராய்டு அப்படி நினைக்கவில்லை. நீங்கள் ஆப்பைத் திறந்து வைத்திருந்த அந்த இரண்டு நிமிடத்தில், முடியாத டிரிப் ஒன்று இருப்பதைப் பார்த்து, அது நோட்டிபிகேஷனோடு ஓடும் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும்போது தொடங்கிய வேலை, நீங்கள் மூடிய பிறகு ஓடினாலும் பயன்பாட்டில் இருப்பதாகவே கணக்கு. மேப் போட்டு வண்டி ஓட்டும்போது திரையை அணைத்தாலும் வழி சொல்லிக்கொண்டே வருகிறதே, அதற்காக வைத்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், முடியாத டிரிப்பும் அதே சந்தில் நுழைந்துவிட்டது.

இன்றிரவு லோடு பார்த்து முடித்ததும் ஆப் விவரப் பக்கத்துக்குப் போய் "Force stop" அமுக்குங்கள். ரீசன்டில் தள்ளுவதும் இதுவும் ஒன்றல்ல. இதை அமுக்கினால் பொதுவாக நீங்களே மறுபடி திறக்கும்வரை அது எழாது. லொகேஷன் போட்டே இருக்கட்டும்.

---

ஈரோடு காலேஜ் பையன் | செவ்வாய், மதியம் 12:15

அக்கா, கம்ப்யூட்டர் இருந்தால் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்தானே? நான் இரவு முதல் வரியை அடித்துவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடுவேன், காலையில் இரண்டாவதை அடிப்பேன்.

```
adb shell dumpsys batterystats --reset
adb shell dumpsys batterystats > iravu.txt
```

எந்த ஆப் போனை எவ்வளவு நேரம் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது என்று பெயரோடு வரும். ஆனால் ஆப் பெயருக்குப் பதில் u0a214 என்று எண் வருகிறது, அது யாரென்று கண்டுபிடிப்பதுதான் அக்கப்போர்.

---

சரவணம்பட்டி நிலா | செவ்வாய், மதியம் 12:50

214ஐ 10000த்தோடு கூட்டிக்கொள் தம்பி, 10214. அப்புறம் இது.

```
adb shell "pm list packages -U | grep 10214"
```

வண்டிக்கார அண்ணாவுக்கு இதெல்லாம் வேண்டாம். அலமாரியும் கடிகாரமும் போதும்.

---

பெருந்துறை வண்டிக்காரன் | புதன், காலை 6:15

87. பதின்மூன்று குறைந்திருக்கிறது, லொகேஷன் போட்டிருந்தும். பட்டியலில் லோடு ஆப் பின்னணி நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே. பிளே சர்வீசஸும் கீழே போய்விட்டது. காளை தம்பி, பார்த்துக்கொள்ளுங்க.

ஆனால் பகலில் இன்னொரு கூத்து. நேற்று டிரிப்பில் அனுமதியைக் குறைத்து வைத்திருந்தது மறந்துபோய் அவினாசி பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன், "வண்டி எங்கே நிற்கிறது, மேப்பில் காணோமே" என்று ஆபீஸிலிருந்து போன். அதனால் டிரிப் இருக்கும்போது பழையபடி எல்லா நேரமும் என்றே வைத்துக்கொண்டு, இரவில் மட்டும் நிறுத்துவதாக முடிவு. சேலத்து குடோனில் சீலுக்குச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பிஓடி ஏறினால்தான் முழுசாகத் தெரியும்.

---

காங்கேயம் காளை | புதன், காலை 7:10

சரிங்க, பிளே சர்வீசஸ் விஷயத்தில் நான் தோற்றேன். ஆனால் பேட்டரி சேவர் போட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும், நாலு ராத்திரி ஆராய்ச்சி வேண்டியிருக்காது.

---

சரவணம்பட்டி நிலா | புதன், காலை 9:20

முடிந்திருக்கும், அதை மறுக்கவில்லை. பகலில் வண்டி ஓடும்போது அந்தப் பழைய டிரிப் பேட்டரியைத் தின்பதும் தெரியாமலே போயிருக்கும்.

அண்ணா, எட்டு மணி நேரத்துக்கு 13 என்பதும் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். 5000இல் 650 mAh, மணிக்கு 80க்கு மேல். சும்மா கிடக்கும் போன் இதில் பாதிக்குள் அடங்க வேண்டும். இப்போது முதலிடத்தில் யார்?

---

பெருந்துறை வண்டிக்காரன் | புதன், மதியம் 2:30

மொபைல் நெட்வொர்க், 44%. வீடு தகரக் கூரைதான். 5ஜியில் இருக்கிறது, 4ஜிக்கு மாற்றினால் குறையுமா?

---

ஈரோடு காலேஜ் பையன் | புதன், மதியம் 3:05

எனக்குப் பாதியாகக் குறைந்தது அண்ணா.

---

சரவணம்பட்டி நிலா | புதன், மாலை 6:40

சரவணம்பட்டியில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. எந்த டவர் பக்கத்தில், எது தேய்ந்த சிக்னல் என்பதைப் பொறுத்தது. ஒரு ராத்திரி மாற்றிப் பாருங்கள், அலமாரியை மட்டும் மாற்றாதீர்கள். ஒன்று கவனியுங்கள், இப்போது மொத்தச் செலவு சுருங்கிவிட்டதால் 44 என்பது பேட்டரியில் 6 கூட இல்லை. முதல் நாள் 19 காட்டியபோதும் கிட்டத்தட்ட அதே 6 தான். அது ஏறவில்லை, மற்றவர்கள் இறங்கியதால் மேலே தெரிகிறது.

---

அந்தியூர் செல்வி | வியாழன், காலை 7:50

பழைய சிம்மைக் கழற்றி, போனைத் திண்ணை ஜன்னலில் வைக்கச் சொன்னேன். அப்பா போனில் இரவுக்கு 26 குறைந்தது இப்போது 15. பட்டியலில் மொபைல் நெட்வொர்க் இன்னும் 50க்கு மேல்தான். சிம் காரணமா ஜன்னல் காரணமா என்று கேட்காதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டார். திரும்ப உள்ளே வைத்துப் பார்க்கலாம் அப்பா என்றேன், விடியற்காலை மூன்றரைக்கு ஸ்டார்ட்டர் அடித்தது ஒரே ரிங்கில் கேட்டதாம், இனி அங்கேயிருந்து எடுக்க மாட்டாராம்.

---

பல்லடம் குமார் | வியாழன், காலை 8:15

எல்லாம் சரி, 80இல் பிடுங்கலாமா வேண்டாமா?